50 காசு மிச்சம், 21 லட்சம் நட்டம்

பெரிய நிறுவனம் ஒன்றை ஒரே ஆள் கட்டி மேய்க்க முடியாது. வேலையைப் பிரித்துக் கொடுத்தாக வேண்டும். பிரித்துக் கொடுத்தபின் யார் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் வரையறுத்தாக வேண்டும். இப்படி ஒரு மேலாளரிடம் ஒப்படைத்து, கணக்கையும் தனியே எழுதி, அந்தக் கணக்கைக் கொண்டே அவரை மதிப்பிடும் பகுதியைத்தான் மேலாண்மைக் கணக்கியல் பொறுப்பு மையம் என்கிறது. பி.காம் தொடங்கி சி.ஏ., சி.எம்.ஏ. வரை எல்லாத் தேர்வுகளிலும் இந்தத் தலைப்பில் கேள்வி வருகிறது. அந்தக் கேள்விகளில் மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம், ஒரு பிரிவு இன்னொரு பிரிவுக்குச் சரக்கு கொடுக்கும்போது என்ன விலை போடுவது என்பது.

மேலாளரின் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறதோ அதைப் பொறுத்து மையத்தின் வகை மாறும். நூற்பாலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவு எதையும் விற்பதில்லை. அதன் பொறுப்பு செலவோடு முடிகிறது. அது செலவு மையம். தலைமை அலுவலகம் நிர்ணயித்த விலையில் நூலை விற்றுத் தரும் விற்பனை அலுவலகம் வருவாய் மையம். எதை உற்பத்தி செய்வது, என்ன விலைக்கு விற்பது, செலவை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று முடிவு செய்யும் அதிகாரம் உள்ள பிரிவு இலாப மையம். புதிய இயந்திரம் வாங்கும் அதிகாரமும் சேர்ந்தால் அது முதலீட்டு மையம்.

அதிகாரம் இல்லாத இடத்தில் பொறுப்பைச் சுமத்தக் கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை விதி. மின் கட்டணம் உயர்ந்ததற்கு நூற்புப் பிரிவின் மேலாளர் பொறுப்பல்ல. ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவானது என்பதற்கு அவரே பொறுப்பு. தலைமை அலுவலகச் செலவில் ஒரு பங்கை அவர் கணக்கில் ஏற்றிவிட்டு, இலாபம் குறைந்துவிட்டதே என்று கேட்பது நடைமுறையில் சகஜம், ஆனாலும் முறையல்ல.

முதலீட்டு மையத்தை அளக்க, இலாபத்தை முதலீட்டால் வகுத்து வரும் விழுக்காடு பரவலாகப் பயன்படுகிறது. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் டொனால்ட்சன் பிரவுன் 1910களில் இதை ஒரு நிர்வாகக் கருவியாக வளர்த்தெடுத்தார். 1921இல் அவர் ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சென்றபோது அந்த முறையும் அங்கே போய்ச் சேர்ந்தது. இந்த அளவுகோலில் ஒரு கோளாறு உண்டு. 15 கோடி ரூபாய் முதலீட்டில் ஆண்டுக்கு 3 கோடி ஈட்டும் பிரிவின் விழுக்காடு 20. ஒரு கோடி ரூபாயில் வாங்கும் புதிய இயந்திரம் ஆண்டுக்கு 16 லட்சம் ஈட்டித் தரும் என்றும், நிறுவனத்துக்கு மூலதனத்தின் செலவு 12 விழுக்காடு என்றும் கொள்வோம். வாங்கினால் நிறுவனத்துக்கு 4 லட்சம் மிச்சம். ஆனால் பிரிவின் சராசரி 19.75 விழுக்காடாக இறங்கிவிடும். சராசரியை வைத்துத்தான் ஊக்கத்தொகை என்றால் மேலாளர் அந்த இயந்திரத்தை வாங்க மாட்டார். மூலதனச் செலவைக் கழித்தபின் நிற்கும் எஞ்சிய இலாபத்தைக் கொண்டு அளந்தால் 1.20 கோடி 1.24 கோடியாக உயர்வது தெரியும், மேலாளரும் வாங்குவார்.

ஒரு பிரிவின் விளைபொருள் இன்னொரு பிரிவின் மூலப்பொருளாகும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. கொடுக்கும் பிரிவுக்கு வருமானமாகப் பதிவாகும் தொகை, வாங்கும் பிரிவுக்குச் செலவாகப் பதிவாகிறது. அந்த விலைதான் மாற்று விலை. நிறுவனத்தின் மொத்தக் கணக்கை எடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அப்படியானால் எந்த விலை போட்டால் என்ன என்று தோன்றலாம். அந்த விலையைப் பார்த்துத்தான் இரண்டு மேலாளர்களும் உள்ளே வாங்குவதா வெளியே வாங்குவதா, ஒரு ஆர்டரை ஏற்பதா விடுவதா என்று முடிவெடுக்கிறார்கள். முடிவு தவறினால் பணம் நிறுவனத்தை விட்டே வெளியேறும்.

கொங்கு வட்டாரத்தில் நூற்பாலையும் பின்னலாடைத் தொழிலும் அடுத்தடுத்து நடப்பதால், அங்கிருந்து ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். ஒரே நிறுவனத்தில் நூற்புப் பிரிவு, பின்னலாடைப் பிரிவு என இரண்டு இலாப மையங்கள். நூற்புப் பிரிவால் மாதத்துக்கு 1,00,000 கிலோ நூல் நூற்க முடியும். வெளிச்சந்தையில் கிலோ 265 ரூபாய்க்கு விற்கிறது. பஞ்சு, மின்சாரம் உள்ளிட்ட மாறும் செலவு கிலோவுக்கு 205 ரூபாய். வெளியே விற்றால் கமிஷன், லாரி வாடகை என்று மேலும் 5 ரூபாய் ஆகும். உள்ளே கொடுத்தால் அது மிச்சம். மாதாந்திர நிலையான செலவு 30 லட்சம்; முழுத் திறனில் ஓடினால் கிலோவுக்கு 30 ரூபாய். பின்னலாடைப் பிரிவுக்கு மாதம் 40,000 கிலோ நூல் வேண்டும். அதே தரத்தில் வெளி ஆலை ஒன்று கிலோ 258 ரூபாய்க்குத் தர முன்வருகிறது.

இங்கே முதலில் தேட வேண்டியது ஒரு விலையை அல்ல, இரண்டு எல்லைகளை. எந்த விலைக்குக் கீழே கொடுத்தால் நூற்புப் பிரிவுக்கு நட்டமோ அது கீழெல்லை. எந்த விலைக்கு மேல் வாங்கினால் பின்னலாடைப் பிரிவுக்கு நட்டமோ அது மேலெல்லை. கீழெல்லைக்கு ஒரு சூத்திரம் உண்டு: உள்ளே கொடுப்பதால் ஆகும் மாறும் செலவு, அதோடு அப்படிக் கொடுப்பதால் கைவிட்டுப் போகும் பங்களிப்பு. பங்களிப்பு என்பது விற்பனை விலையிலிருந்து மாறும் செலவைக் கழித்தால் கிடைப்பது. நிலையான செலவுக்கு இந்தச் சூத்திரத்தில் இடமில்லை. நூலை உள்ளே கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்த 30 லட்சம் செலவாகத்தான் போகிறது.

கைவிட்டுப் போகும் பங்களிப்பு எவ்வளவு என்பதை ஆலையில் ஓடாமல் நிற்கும் திறன்தான் தீர்மானிக்கிறது. ஆலை நூற்கும் 1,00,000 கிலோவும் வெளியிலேயே விற்றுத் தீர்கிறது என்று முதலில் வைத்துக்கொள்வோம். உள்ளே கொடுக்கும் ஒவ்வொரு கிலோவும் வெளியே விற்கும் ஒரு கிலோவைப் பறிக்கும். வெளியே விற்றால் கிடைக்கும் பங்களிப்பு 265இலிருந்து 210ஐக் கழித்து 55 ரூபாய். ஆகவே கீழெல்லை 205ம் 55ம் சேர்ந்து 260 ரூபாய். மேலெல்லையோ 258. கீழெல்லை மேலெல்லையைத் தாண்டிவிட்டது. அதன் பொருள், இரு பிரிவுகளும் தங்களுக்குள் வணிகம் செய்யவே கூடாது என்பது. பின்னலாடைப் பிரிவு வெளியே வாங்கட்டும், நூற்புப் பிரிவு வெளியே விற்கட்டும். நிறுவனத்துக்கு கிலோவுக்கு 2 ரூபாய் வீதம் மாதம் 80,000 ரூபாய் மிச்சம். வீட்டுச் சரக்கு இருக்கையில் வெளியே வாங்குவானேன் என்று கேட்கும் முதலாளிகளுக்கு இந்த விடை பிடிக்காது. விடை என்னவோ இதுதான்.

அடுத்து, சந்தை மந்தமாகி வெளியே 60,000 கிலோதான் விற்கிறது என்று கொள்வோம். 40,000 கிலோவுக்கான திறன் சும்மா கிடக்கிறது. உள்ளே கொடுப்பதால் எந்த விற்பனையும் கைவிட்டுப் போவதில்லை. கீழெல்லை வெறும் 205 ரூபாய், மேலெல்லை 258. நடுவே கிலோவுக்கு 53 ரூபாய் இடைவெளி. 40,000 கிலோவுக்கு அது 21,20,000 ரூபாய். உள்ளே வாங்கினால் நிறுவனத்துக்கு மாதந்தோறும் மிச்சமாகும் தொகை இது. மாற்று விலை இந்தத் தொகையை இரு பிரிவுகளுக்கும் எப்படிப் பங்கிடுகிறது என்பது அவர்களுக்குள் உள்ள விவகாரம். 205க்கும் 258க்கும் இடையே எந்த விலை போட்டாலும் மொத்தத் தொகை மாறாது.

ஆனால் நிறுவனத்தின் கொள்கைக் கையேட்டில், உள் விற்பனைக்கு முழுச் செலவோடு 10 விழுக்காடு சேர்த்து விலை போட வேண்டும் என்று எழுதியிருந்தால்? முழுச் செலவு 205ம் 30ம் சேர்ந்து 235 ரூபாய். அதில் 10 விழுக்காடு 23 ரூபாய் 50 காசு. ஆக மாற்று விலை 258 ரூபாய் 50 காசு. வெளி ஆலையின் விலையை விட 50 காசு அதிகம். பின்னலாடைப் பிரிவின் மேலாளர் வெளியே வாங்குகிறார். தன் கணக்கில் மாதம் 20,000 ரூபாய் மிச்சம் காட்டுகிறார். அதற்காக நிறுவனம் 21,20,000 ரூபாயை இழக்கிறது. இதில் எந்த மேலாளரும் தவறு செய்யவில்லை. ஒருவர் கையேட்டைப் பின்பற்றினார், இன்னொருவர் மலிவான விலையில் வாங்கினார். பிரிவுக்கு நல்லது நிறுவனத்துக்குக் கெடுதலாக முடியும் இந்த நிலையைத்தான் தேர்வுக் கேள்விகள் திரும்பத் திரும்பச் சோதிக்கின்றன.

கதை இத்தோடு முடிவதில்லை. அடுத்த மாதம் நூற்புப் பிரிவு 60,000 கிலோ மட்டுமே நூற்கும். அதே 30 லட்சம் நிலையான செலவை 60,000 கிலோவில் பங்கிட்டால் கிலோவுக்கு 50 ரூபாய். முழுச் செலவு 255 ஆகிவிடும். 10 விழுக்காடு சேர்த்தால் 280ஐத் தாண்டும். உள்ளே வாங்க இனி யாரும் வரமாட்டார்கள். கணக்கைப் பார்க்கும் இயக்குநர்களுக்கு நூற்புப் பிரிவே தண்டச் செலவாகத் தோன்றும். உண்மையில் இயந்திரமும் ஆட்களும் அப்படியே இருக்கிறார்கள். வகுக்கும் எண் மட்டும் மாறியிருக்கிறது. செலவை அடிப்படையாகக் கொண்டு மாற்று விலை போடுவதானால் முன்கூட்டி நிர்ணயித்த தரச் செலவைத்தான் எடுக்க வேண்டும், மாதா மாதம் ஆன செலவை எடுக்கக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். ஆன செலவை எடுத்தால், பஞ்சை வீணடித்த செலவும் பழுதான இயந்திரத்தின் செலவும் சத்தமில்லாமல் வாங்கும் பிரிவின் தலையில் விழும் என்பது இன்னொரு காரணம்.

தேர்வாளர்கள் விரும்புவது இடைப்பட்ட நிலையை. வெளியே 80,000 கிலோ விற்கிறது, 20,000 கிலோவுக்கான திறன் மட்டும் சும்மா இருக்கிறது என்று கேள்வி சொல்லும். பின்னலாடைப் பிரிவு கேட்கும் 40,000 கிலோவில் முதல் 20,000 கிலோவுக்குக் கீழெல்லை 205. அடுத்த 20,000 கிலோ வெளி விற்பனையைப் பறிப்பதால் அதற்கு 260. வாங்குபவர் மொத்தமாக 40,000 கிலோவும் ஒரே இடத்தில்தான் வாங்குவேன் என்றால் சராசரி 232 ரூபாய் 50 காசு. 258ஐ விடக் குறைவு, ஆகவே உள்ளே கொடுப்பதே நல்லது. பிரித்து வாங்கச் சம்மதித்தால் 20,000 கிலோவை உள்ளேயும் மீதியை வெளியேயும் வாங்குவது இன்னும் நல்லது; நிறுவனத்துக்கு மேலும் 40,000 ரூபாய் மிச்சம். பிரித்து வாங்கலாமா கூடாதா என்பது கேள்வியில் ஒரே ஒரு வாக்கியமாக ஒளிந்திருக்கும். அதைக் கவனிக்காமல் போட்ட கணக்கு பக்கம் பக்கமாக நீண்டாலும் மதிப்பெண் தராது.

மேலெல்லையிலும் ஒரு பொறி உண்டு. அது எப்போதும் வெளிச்சந்தை விலையாகவே இருக்கும் என்பதில்லை. பின்னலாடைப் பிரிவுக்கு ஒரு கூடுதல் ஆர்டர் வருகிறது. 5,000 கிலோ நூல் தேவைப்படும். ஆடையின் விலையிலிருந்து சாயம், தையல், பேக்கிங் போன்ற கூடுதல் செலவுகளையெல்லாம் கழித்தால் நூலுக்கென்று கிலோவுக்கு 225 ரூபாய்தான் மிஞ்சுகிறது. அந்த ஆர்டரைப் பொறுத்தவரை மேலெல்லை 225; வெளி விலையான 258க்கு அங்கே வேலையில்லை. நூற்புப் பிரிவில் இந்த 5,000 கிலோவுக்கும் திறன் சும்மா கிடக்கும் மாதமாக இருந்தால், 205க்கு நூற்று 225 வரை பெறக்கூடிய ஆர்டர் அது. நிறுவனத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் கிடைக்கும். மாற்று விலை 235 என்று எழுதி வைத்திருந்தால் பின்னலாடைப் பிரிவின் மேலாளர் கிலோவுக்கு 10 ரூபாய் நட்டம் என்று கணக்குப் போட்டு ஆர்டரைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

அப்படியானால் மாற்று விலையை மாறும் செலவான 205லேயே வைத்துவிட்டால் என்ன? வாங்கும் பிரிவு எப்போதும் சரியான முடிவெடுக்கும். சந்தை முழுமையாக இயங்காத பொருள்களுக்கு மாற்று விலை விளிம்புச் செலவை ஒட்டியே இருக்க வேண்டும் என்று பொருளியலாளர் ஜாக் ஹிர்ஷ்லைஃபர் 1956இல் எழுதிய கட்டுரை காட்டியதும் இதைத்தான். ஆனால் நூற்புப் பிரிவின் கணக்கைப் பாருங்கள். வெளியே 60,000 கிலோ விற்று 33 லட்சம் பங்களிப்பு பெற்று, 30 லட்சம் நிலையான செலவு போக 3 லட்சம் இலாபம் காட்டும் பிரிவு அது. உள்ளே 40,000 கிலோவைக் கூடுதலாக நூற்றுக் கொடுத்தபின்னும் அதே 3 லட்சம்தான். உழைப்பு கூடியது, கணக்கில் ஒரு காசு கூடவில்லை. அந்த மேலாளர் உள் ஆர்டரைக் கடைசி வரிசையில் தள்ளுவார். தரத்திலும் அக்கறை குறையும்.

சந்தை விலையைப் போடுவது நியாயமாகத் தோன்றும். போட்டிச் சந்தை இருந்து, ஆலையும் முழுத் திறனில் ஓடினால் நியாயம்தான். அப்போதும் உள் விற்பனையில் மிச்சமாகும் 5 ரூபாயைக் கழித்து 260 என்று போட வேண்டும். திறன் சும்மா இருக்கும்போது அந்த நியாயம் செல்லாது. இரு மேலாளர்களும் பேசித் தீர்த்துக்கொள்வது என்றால், பெரும்பாலும் நடுவில் 231 ரூபாய் 50 காசு போன்ற ஓர் இடத்தில் நிற்கும். ஆளுக்கு 10,60,000 ரூபாய் கிடைக்கும். பேச்சில் வல்லவர் அதிகம் பெறுவார், நேரமும் விரயமாகும், மனத்தாங்கலும் மிஞ்சும். விற்பவருக்கு ஒரு விலை, வாங்குபவருக்கு ஒரு விலை என்று இரட்டை விலை எழுதும் முறையும் புத்தகங்களில் உண்டு. இரு பிரிவுகளும் இலாபம் காட்ட, நிறுவனத்தின் மொத்தக் கணக்கில் மட்டும் அந்த இலாபம் காணாமல் போவதால் அதை நிர்வாகங்கள் அவ்வளவாக விரும்புவதில்லை.

எடுத்துக்கொண்ட கணக்குக்கு மிகவும் பொருந்துவது இரு பகுதி விலை. பின்னலாடைப் பிரிவு நூற்புப் பிரிவின் திறனில் 40 விழுக்காட்டைத் தனக்கென ஒதுக்கிக்கொள்கிறது. அதற்காக நிலையான செலவில் 40 விழுக்காடான 12 லட்சத்தை மாதந்தோறும் மொத்தமாகக் கொடுத்துவிடுகிறது. பிறகு வாங்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் 205 ரூபாய் மட்டும். 40,000 கிலோவுக்கு மொத்தம் 94 லட்சம். வெளியே வாங்கியிருந்தால் 1 கோடியே 3 லட்சத்து 20 ஆயிரம். ஆகவே பின்னலாடைப் பிரிவுக்கு 9,20,000 ரூபாய் மிச்சம், நூற்புப் பிரிவுக்கு 12 லட்சம் வரவு. கூட்டினால் அதே 21,20,000. 225 ரூபாய்க்கு மேல் தாங்காத அந்தக் கூடுதல் ஆர்டரும் இப்போது திரும்பிப் போகாது. ஆர்டரை ஏற்பதா என்று யோசிக்கும் மேலாளரின் கண்ணில் படும் விலை 205தான். இந்த முறைக்கும் ஒரு வரம்பு உண்டு. ஒதுக்கீட்டை ஆண்டுத் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும். நடுவில் சந்தை சூடுபிடித்து ஆலை முழுத் திறனை எட்டினால், 205 என்ற விலை பொய்யாகிவிடும்; 258க்கு வெளியே வாங்க வேண்டிய நூலை வாங்கும் பிரிவு உள்ளேயே வாங்கிக் குவிக்கும்.

இவ்வளவும் நிர்வாகத்துக்கான விலை. வரித்துறை கேட்கும் மாற்று விலை வேறு. ஒரு நிறுவனத்தின் ஒரு பிரிவுக்கு வரிச்சலுகை இருந்து இன்னொன்றுக்கு இல்லையென்றால், இலாபத்தைச் சலுகை உள்ள பக்கம் தள்ள மாற்று விலையே போதும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80-ஐஏ பிரிவு இதனால்தான் அத்தகைய உள் விற்பனையைச் சந்தை மதிப்பில் கணக்கிடச் சொன்னது. ஜிண்டால் ஸ்டீல் அண்ட் பவர் நிறுவனம் தன் சொந்த மின்நிலையத்திலிருந்து தன் ஆலைகளுக்குக் கொடுத்த மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 3 ரூபாய் 72 காசு எழுதியது. மாநில மின்வாரியம் தொழிற்சாலைகளுக்கு விற்ற விலை அது. உபரி மின்சாரத்தை அதே வாரியம் இந்த நிறுவனத்திடம் வாங்கிய விலை 2 ரூபாய் 32 காசு. அதையே எடுக்க வேண்டும் என்றது வரித்துறை. வாரியத்தைத் தவிர வேறு யாருக்கும் விருப்பப்படி விற்க முடியாத நிலையில் ஒப்புக்கொண்ட விலை போட்டிச் சந்தையின் விலையாகாது என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் 3 ரூபாய் 72 காசையே ஏற்றது.

மேலாண்மைக் கணக்கியலின் கண்ணால் பார்த்தால் அந்த 3.72, வாங்கும் ஆலையின் மேலெல்லை, 2.32, உபரியை வாரியத்துக்கு விற்றால் கிடைப்பது, அதாவது கொடுக்கும் நிலையத்தின் கீழெல்லை. இரண்டுக்கும் இடையே எந்த விலை எழுதினாலும் மின்சாரத்தை உள்ளே பயன்படுத்துவதே நிறுவனத்துக்கு இலாபம். வரிக்காக எழுதிய விலையை அப்படியே மேலாளர்களை மதிப்பிடவும் பயன்படுத்தும் நிறுவனங்கள், சட்டம் கேட்காத ஒரு கேள்விக்குச் சட்டத்தின் விடையை எழுதிக்கொண்டிருக்கின்றன. இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வைப்பதே சரி.